ஆசை வற்றிய ஆணுக்கு முதலில் எது: தூக்கமா, மருந்தா, ஹார்மோன் ஊசியா?

கையில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து உட்கார்ந்தார் அவர். வயது 38. மென்பொருள் குழு ஒன்றுக்குத் தலைவர், திருமணமாகி ஒன்பது வருடம், ஒரு குழந்தை. இரண்டாவது குழந்தைக்கு முயலலாம் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்த சமயத்தில்தான், கடந்த ஆறேழு மாதமாகத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லாமல் போயிருக்கிறது. தாளில் டெஸ்டோஸ்டிரோன் 290 என்று அச்சாகி, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. "காரணம் தெரிஞ்சு போச்சு டாக்டர். ஊசி போட்டுக்கலாமா?" என்றார். குரலில் கவலையை விட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

மனநல மருத்துவனாக நான் பார்த்த பலருடைய கதையைக் குழைத்து இந்த ஒரு மனிதரை உருவாக்கியிருக்கிறேன். விவரங்கள் அப்படியே எவருடையதும் அல்ல. ஆனால் இப்படி வருகிறவர்கள் முன்னால் கிடக்கும் வழிகள் பெரும்பாலும் இந்த ஐந்துதான்: ஹார்மோன் ஊசி, விறைப்புக்கான மாத்திரை, தூக்கத்தைச் சரிசெய்வது, மனச்சோர்வுக்குச் சிகிச்சை, வேலைப் பளுவைக் குறைப்பது. நண்பர் மாத்திரையைச் சொல்கிறார், லேப் தாள் ஊசியைச் சொல்கிறது, மனைவி "யார்கிட்டயாவது போய்ப் பேசுங்க" என்கிறார், இவரோ இந்த ப்ராஜெக்ட் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று ப்ராஜெக்ட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐந்தும் ஏதோ ஓர் ஆளுக்குச் சரியான வழிதான். வரிசை தவறும்போதுதான் ஆறு மாதச் சிக்கல் இரண்டு வருடச் சிக்கலாக நீள்கிறது.

தேர்வுக்கு முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: ஆசை எல்லா இடத்திலும் போய்விட்டதா, ஓர் இடத்தில் மட்டுமா? தனியாக இருக்கும்போது கற்பனையும் சுய இன்பமும் பழையபடி இருக்க, துணையிடம் மட்டும் நாட்டமில்லை என்றால், அதற்கு ஹார்மோனைக் குற்றம் சொல்ல முடியாது. ஹார்மோனுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அங்கே பிரச்சினை உறவில், அல்லது உறவைச் சுற்றிக் கவிந்த பயத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் ஒன்றுமே இல்லை என்றால் தூக்கம், மனச்சோர்வு, மருந்து, ஹார்மோன் என்று உடல் முழுவதையும் தொடும் காரணங்களைத் தேட வேண்டும்.

இரண்டாவது: விடுமுறை நாள் காலையில் விறைப்போடு கண் விழிக்கிறாரா? கனவு வரும் ஆர்.இ.எம். தூக்கத்தின்போது ஆணுறுப்பு இயல்பாகவே விறைத்துத் தளரும், ஓர் இரவில் சில முறை. இந்தத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம் வரும். ஐந்து மணி நேரத்தில் அலாரம் வைத்து எழுகிறவர் வெட்டியெறிவது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான். அதனால் வேலை நாளில் காலை விறைப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கிறது என்றால், ரத்த நாளமும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, தூக்கம்தான் போதவில்லை என்று ஓரளவு நம்பலாம். இந்த ஒரு கேள்வி பல நேரங்களில் லேப் தாளை விட அதிகம் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது: வேறு எதெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது? பாட்டு, பந்தாட்டம், குழந்தையோடு விளையாட்டு, பிடித்த சாப்பாடு? காமம் மட்டும் வற்றியிருந்தால் ஒரு கதை. எல்லாமே ஒன்றாக வற்றியிருந்தால் அது மனச்சோர்வு. ஆணிடம் மனச்சோர்வு அழுகையாக வருவதை விட எரிச்சலாகவும், அலுப்பாகவும், "ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு" என்ற வார்த்தையாகவும் வருவதுதான் அதிகம்.

நம்மவரின் பதில்கள்: தனிமையிலும் நாட்டம் குறைவுதான், ஆனால் அறவே இல்லாமல் இல்லை. ஞாயிறு காலைகளில் விறைப்பு உண்டு. குழந்தையோடு விளையாடுவது பிடித்திருக்கிறது, நேரம்தான் இல்லை.

290 என்ற எண்

ஊசி வேண்டுமா என்பதற்கு முன், அந்த 290 எப்போது எடுத்தது என்று கேட்டேன். மாலை நாலு மணி. முந்தின இரவு ஒரு ரிலீஸுக்காக விழித்திருந்தார். மதியம் சாப்பிட்டிருந்தார்.

டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில் ஏறி, விடியலில் உச்சம் தொட்டு, பகல் முழுவதும் இறங்கும் ஹார்மோன். முப்பது, நாற்பது வயதுக்காரர்களிடம் காலை எட்டு மணி அளவுக்கும் மாலை நாலு மணி அளவுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வரலாம். சாப்பிட்ட பிறகு அது இன்னும் இறங்கும். காய்ச்சல் கண்ட வாரத்திலும் இறங்கும். ஆகவே காலை வெறும் வயிற்றில், ஒழுங்காகத் தூங்கிய இரவுக்குப் பின், வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுத்து, இரண்டிலும் குறைவாக இருந்து, அறிகுறிகளும் பொருந்தினால்தான் குறைபாடு என்று சொல்லலாம். எல்லைக்கோடே ஒன்றல்ல. அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 300 நானோகிராம்/டெசிலிட்டர் என்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கான கீழ் வரம்பாக 264 இருக்கிறது. 290 இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எண். மாலையில், தூங்காமல், சாப்பிட்டு எடுத்த 290-ஐ வைத்து யாருக்கும் ஊசி எழுதக் கூடாது.

தூக்கமின்மையே இந்த எண்ணைக் கீழே இழுக்கும் என்பதற்கு ஒரு சிறிய, சுத்தமான ஆய்வு இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. 2011-இல் வந்த ஆய்வு. வயது ஏறுவதால் வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே வாரத்தில் பல வருடத்துக்கான இறக்கம். பத்துப் பேர்தானே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் நம்மவர் ஒரு வாரமல்ல, எட்டு மாதமாக அந்தக் கணக்கில் வாழ்கிறார்.

ஊசியை அவருக்கு மறுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, "இருப்பு போதும்" என்று விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். அந்தக் கட்டளை நின்றால் விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும், சிலருக்கு முழுதாகவே. இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறவர் ஆண்மைக்கு என்று போட்டுக்கொள்ளும் ஊசி, கருத்தடை வேலை செய்யும். நிறுத்தினால் சொந்த உற்பத்தி திரும்ப மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஆசையும் தெம்பும் தொடங்கியதை விடக் கீழே கிடக்கும். "ஊசி இல்லாம முடியல" என்று திரும்ப வருகிறவர்களில் ஒரு பகுதி இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்.

உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு ஊசியோ ஜெல்லோ உதவுகிறது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 65 வயதைத் தாண்டி, அளவு குறைந்திருந்த ஆண்களிடம் நடத்தி 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் ஆசை கூடியது, ஆனால் மிதமாகத்தான். இதய ஆபத்துள்ள சுமார் 5,200 ஆண்களைக் கொண்டு 2023-இல் வந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின. ரத்தம் கெட்டியாகிறதா என்று தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமாட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். இத்தனையும் தாங்கி ஒரு சிகிச்சையில் இறங்குவதற்குக் காரணம் உறுதியாக இருக்க வேண்டாமா?

சிலருக்கு மட்டும் ஹார்மோன் பரிசோதனையை முதலிலேயே செய்துவிடுவேன். தாடி வளர்ச்சி குறைந்து சவரம் செய்யும் இடைவெளி நீண்டவர், மார்பு வலித்துப் பெருத்தவர், விதை சுருங்கியவர், தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறுகுகிறது என்பவர், நெடுநாள் அபின் வகை வலிமாத்திரை சாப்பிடுகிறவர், உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டவர். இவர்களுக்கு பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டு, விதைப்பைக்கு மூளை அனுப்பும் கட்டளையான எல்.எச். எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை: இது ஆசைக்கான மருந்தல்ல

சில்டெனாஃபில், டடலாஃபில் இரண்டும் ஆசையைத் தூண்டுவதில்லை. கிளர்ச்சி வந்தால் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும், ரத்த நாளம் விரியும். அந்த விரிவைச் சீக்கிரம் கலைத்துவிடும் நொதியைத்தான் மாத்திரை தடுக்கிறது. கிளர்ச்சி என்ற முதல் படியே இல்லாதபோது தடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆசையில்லாமல் விழுங்கிவிட்டு, "அதுவும் வேலை செய்யல" என்று தன்னைப் பற்றி இன்னும் கேவலமாக நினைத்துக்கொள்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பயன்படும் இடம் ஒன்று உண்டு. களைப்பில் ஓரிரு முறை விறைப்பு தளர்ந்து, அந்தப் பயத்திலேயே ஆள் ஒதுங்க ஆரம்பித்திருந்தால், சில வாரங்களுக்கு மாத்திரை அந்தப் பயத்தை உடைக்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். ஆண்மை பெருக்கும் மூலிகை என்று விற்பனையாகும் பொட்டலங்கள் சிலவற்றில் இதே மருந்து சொல்லாமல் கலந்திருப்பதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை பிடித்திருக்கின்றன. ஆகவே "நான் மூலிகைதான் சாப்பிடுகிறேன்" என்பதும் பாதுகாப்பு அல்ல.

தூக்கம்: மூன்று வேறு நோய்களுக்கு ஒரே பெயர்

"தூக்கம் சரியில்லை" என்று மூன்று வகை ஆட்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். மூவருக்கும் வைத்தியம் வேறு.

ஒருவர் படுத்தால் தூங்கிவிடுவார், படுப்பதுதான் இல்லை. அவருக்கு மாத்திரையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், மணி நேரம் வேண்டும். இன்னொருவர் பதினொன்றுக்கே படுத்து, இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் தூக்கத்துக்கான வடிவம் பொருந்தும்: தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, இருபது நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது, எழும் நேரத்தை ஒரு நாளும் மாற்றாமல் வைத்து, படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்தோடு சுருக்கிப் பிறகு மெல்ல நீட்டுவது. ஆறு முதல் எட்டு அமர்வு போகும். முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் சொக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள். நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர், வலிப்பு உள்ளவர், இருதுருவ மனநோய் உள்ளவர் மேற்பார்வை இல்லாமல் இந்தச் சுருக்கும் முறையில் இறங்கக் கூடாது.

மூன்றாமவர் ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப் போட்டது போல எழுவார். காலையில் வாய் உலர்ந்திருக்கும், தலை கனக்கும். குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறுவதை அவர் மனைவி சொன்னால்தான் தெரியும். இது தூக்க மூச்சுத்தடை. தூக்க ஆய்வு செய்து, தேவைப்பட்டால் இரவில் காற்றழுத்த முகமூடி போட வேண்டும். அதனால் பகல் களைப்பும் எரிச்சலும் நன்றாகக் குறையும், தாம்பத்திய வாழ்விலும் பலர் முன்னேற்றம் சொல்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் எண் ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். சிகிச்சை பெறாத கடும் மூச்சுத்தடை உள்ளவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி தடையை மோசமாக்கக்கூடும். குறட்டையைப் பற்றிக் கேட்காமல் ஊசி எழுதுவது எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதனால்தான்.

நம்மவரை இரண்டு வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், காலை விறைப்பு, நாட்டம் பத்துக்கு எத்தனை என்று நாலே பத்தியில் எழுதச் சொன்னேன். "சராசரி ஆறு மணி நேரம் டாக்டர், அவ்வளவு மோசமில்ல" என்று கொண்டு வந்தார். சராசரி சரிதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்று பத்துக்குப் படுத்து ஆறேகாலுக்கு எழுகிறார், ஐந்து மணி ஐந்து நிமிடம். சனி, ஞாயிறு எட்டரை மணி நேரம். கூட்டி ஏழால் வகுத்தால் ஆறு வருகிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாள்கூட அவர் சரியாக ஆறு மணி நேரம் தூங்கியதில்லை. நாட்டப் பத்தியில் வேலை நாட்களில் ஒன்றும் இரண்டும். ஞாயிறுகளில் நாலு, ஒருமுறை ஐந்து. காலை விறைப்பு இரு வாரத்தில் மூன்று முறை, மூன்றும் வார இறுதியில். இந்தப் பக்கத்தைக் காட்டிய பிறகு ஊசியைப் பற்றி அவரே பேசவில்லை.

மனச்சோர்வு என்றால் வரிசை மாறும்

ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, பி.எச்.க்யூ-9. மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வா என்று தீவிரமாகப் பார்க்க வேண்டும். நம்மவருக்கு 9 வந்தது. எல்லையில் நிற்கிறாரே என்று பயப்படுவதற்கு முன் எந்தக் கேள்விக்கு எத்தனை என்று பார்த்தேன். தூக்கத்துக்கு 3, களைப்புக்கு 3, கவனச் சிதறலுக்கு 1. இந்த ஏழும் தூங்காத எவருக்கும் வரும். துக்கத்துக்கு 1, ஆர்வமின்மைக்கு 1. கூட்டுத்தொகையை விட அதன் கூறுகள் முக்கியம். இதே படிவத்தில் காமத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை என்பது எனக்கு வெகுநாள் குறை.

இன்னொரு ஆளை நினைத்துப் பாருங்கள். 45 வயது, பத்து மணிக்குப் படுத்து விடிகாலை நாலு மணிக்குத் தானாக விழித்து, நெஞ்சில் கல்லை வைத்தது போலக் கிடக்கிறார். எடை நாலு கிலோ குறைந்திருக்கிறது. விடுமுறை எடுத்தும் எந்த மாற்றமும் இல்லை. மதிப்பெண் 17, ஆர்வமின்மைக்கு முழுசாக 3. இவரிடம் போய் "முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்" என்றால் ஒரு மாதம் வீண். இங்கே விடியற்காலை விழிப்பு நோயின் விளைவு. மனச்சோர்வுக்குத்தான் முதல் சிகிச்சை. சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் எந்த வரிசையும் கிடையாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிக்கல் மருந்துத் தேர்வில் இருக்கிறது. வழக்கமாக முதலில் எழுதப்படும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் எல்லாம் மூளையில் செரட்டோனினைக் கூட்டுபவை. செரட்டோனின் காமத்துக்கு ஒரு பிரேக். விந்து முந்துவதற்கே இந்த வகை மருந்தைக் கொடுக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டம் போய்விட்டது என்று வந்தவருக்கு நாட்டத்தைக் குறைக்கக்கூடிய மருந்தை, ஒரு வார்த்தை எச்சரிக்காமல் எழுதினால், இரண்டாவது மாதம் அவராகவே நிறுத்திவிடுவார். மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார்.

இந்தப் பிரேக் குறைவாக உள்ள மருந்துகளும் உண்டு. புப்ரோபியான் டோபமைன், நாரட்ரினலின் வழியாக வேலை செய்வது, காமத்தைப் பொதுவாகக் கெடுப்பதில்லை. ஆனால் தூக்கத்தைக் கலைக்கலாம், வலிப்பு வரலாறு உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது. மிர்டசப்பின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும், எடை போடும். எடை குறைந்து, நாலு மணிக்கு விழிக்கும் 45 வயதுக்காரருக்கு நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன். பருமனாக, நாளெல்லாம் தூங்கி வழிகிறவருக்கு புப்ரோபியான். பதற்றம் மிகுந்தவருக்குச் செரட்டோனின் மருந்துதான் சரி என்று பட்டால் அதையே கொடுத்து, பக்க விளைவைப் பற்றி முன்கூட்டியே பேசிவைப்பேன். லேசான மனச்சோர்வுக்கு மருந்தில்லாமல் பேச்சுச் சிகிச்சை மட்டும் போதும். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் காமத்தின் மீது கை வைக்காது.

ஏற்கெனவே செரட்டோனின் மருந்து எடுப்பவருக்கு ஆசை திரும்பவில்லை என்றால், குற்றவாளி நோயா மருந்தா? காலவரிசையைப் பாருங்கள். மருந்துக்கு முன்பே போயிருந்தது என்றால் நோயின் பங்கு அதிகம். மனம் தெளிந்து, சாப்பாடு ருசித்து, பாட்டு பிடித்து, காமம் மட்டும் திரும்பவில்லை, அதோடு உச்சம் வரத் தாமதம், உறுப்பில் மரத்த உணர்வு என்றால் மருந்தின் வேலை. உச்சத் தாமதம் கிட்டத்தட்ட மருந்தின் கையெழுத்து. வெறும் மனச்சோர்வில் அது அவ்வளவாக வராது. அப்போது அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, புப்ரோபியானைச் சேர்ப்பதா என்று மருத்துவரோடு முடிவெடுக்க வேண்டும். தானாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், மின்னதிர்ச்சி போன்ற உணர்வு, எரிச்சல், கூடவே பழைய மனச்சோர்வு எல்லாம் வரும். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இந்தக் குறை நீடிக்கலாம் என்று எச்சரிக்கை சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் பரிந்துரைத்தது. அரிதானதுதான், ஆனால் தொடங்கும் முன்பே சொல்லப்பட வேண்டிய ஒன்று.

வேலை: எத்தனை மணி நேரம் என்பதை விட எத்தனை மணிக்கு

வேலைப் பளுவைக் குறை என்று சொல்வது எளிது. குறைக்க முடிந்தவர் என்னிடம் வரவே மாட்டார். தொடர் அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் டெஸ்டோஸ்டிரோனைக் கொஞ்சம் அமுக்கும், உண்மை. ஆனால் பெரிய பாதிப்பு அங்கே இல்லை. அபாயத்துக்குத் தயாராக நிற்கும் உடம்பு, ரத்த நாளங்களை இறுக்கி வைத்திருக்கும். மனம் அடுத்த மின்னஞ்சலுக்குக் காது கொடுத்திருக்கும். லேப்டாப்பை மூடிய பத்தாவது நிமிடம் ஆசை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஓடி வந்தவனை மூச்சு வாங்காமல் பாடச் சொல்வது போல.

அதனால் மொத்த நேரத்தை விட, வேலை முடியும் நேரத்துக்கும் படுக்கும் நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறேன். நம்மவருக்கு வாரம் நாலு இரவு வேறு நேர மண்டலத்து ஆட்களோடு அழைப்பு. இரண்டை வேறொருவருக்கு மாற்றிவிட்டார், இரண்டை ஒன்பது மணிக்கு முன்னால் கொண்டு வந்தார். பத்தரைக்கு லேப்டாப் மூடல், பதினொன்றேகாலுக்குப் படுக்கை, ஆறேகாலுக்கு எழுச்சி. விடுமுறையிலும் ஏழரைக்கு மேல் இல்லை. மொத்த வேலை நேரம் வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் குறைந்தது.

விடுமுறையை ஒரு பரிசோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் உண்மையான விடுப்பில், தூக்கம் தேறிய நாலைந்து நாளுக்குப் பிறகு நாட்டம் தலைகாட்டினால் காரணம் வேலையும் தூக்கமும். பத்து நாளும் தூங்கியும் ஒரு சலனமும் இல்லை என்றால் "வேலைதான் காரணம்" என்ற சமாதானத்தை விட்டுவிட்டு மனச்சோர்வுக்கும் ஹார்மோனுக்கும் திரும்ப வேண்டும்.

நம்மவருக்கு நடந்தது

மூன்று வாரம் ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 405. பத்து நாள் கழித்து 430. ஹார்மோன் பக்கத்தை மூடிவிட்டோம். படிவத்தில் 9 மூன்றாகியிருந்தது. ஐந்தாவது வாரம் வேலை நாட்களிலும் காலை விறைப்பு திரும்பியது. நோட்டில் நாட்டம் நாலு, ஐந்து என்று நின்றது.

ஆனால் இருவருக்குள்ளும் எதுவும் நடக்கவில்லை. நன்றாகத் தேறியவர்கள் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. இந்த எட்டு மாதத்தில் மனைவி தூங்கிய பிறகே படுக்கைக்கு வரும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தோளில் கை வைத்தால் அது அழைப்பாகிவிடுமோ என்று மனைவி கை வைப்பதையே விட்டிருந்தார். "என்னைப் பிடிக்கலையோன்னு ஒரு நாள் இல்ல, தினமும் நினைச்சேன்" என்று என் முன்னால்தான் முதல்முறை அவரிடம் சொன்னார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இந்த இடத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரு பயிற்சி கொடுத்தேன். பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் உருவாக்கிய பழைய முறை. வாரம் இரண்டு மாலை, அரை மணி நேரம், ஒருவரை ஒருவர் தொடுவது மட்டும். முதல் இரண்டு வாரம் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு, அடுத்த இரண்டு வாரம் அவையும் சேரும், உறவு மட்டும் தடை. விறைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அதை வைத்து ஒன்றும் செய்யக் கூடாது. தேர்வு இல்லை என்று உறுதியானதும் தேர்வுப் பயம் போகிறது, அவ்வளவுதான் இதில் உள்ள சூட்சுமம். முதல் மாலை இருவரும் சிரித்தே பாதி நேரம் போனதாம். ஒன்பதாவது வாரம் தடையை மீறிவிட்டதாக அவர் கொஞ்சம் குற்ற உணர்வோடு சொன்னார், மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மூன்று மாத முடிவில் நோட்டில் நாட்டம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில். ஒரு ரிலீஸ் வாரத்தில் மறுபடி இரண்டுக்கு இறங்கி, அடுத்த வாரம் ஏறியது. இந்த மூன்று மாதத்தில் எண் ஏறாமலே இருந்திருந்தால், அல்லது காலை அளவு இரண்டு முறையும் 264-க்குக் கீழே வந்திருந்தால், எல்.எச்., புரோலாக்டினோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். குழந்தை வேண்டும் என்பதை அந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருப்பேன்.